மூன்று சைன்களின் கூடுதல் எதுவரை போகும்?

ஒரு முக்கோணத்தின் கோணங்கள் A, B, C என்றால், sin A + sin B + sin C என்ற கூடுதல் 3√3/2 ஐத் தாண்டுவதில்லை. தசமத்தில் இது ஏறத்தாழ 2.598. மூன்று கோணங்களும் 60 பாகையாக இருக்கும் சமபக்க முக்கோணத்தில் மட்டுமே இந்த உச்ச மதிப்பு கிடைக்கிறது. விடையை ஊகிப்பது எளிது. மூன்று கோணங்களுக்கும் கணக்கில் ஒரே இடம்தான் இருக்கிறது. எதற்கும் தனிச் சலுகை இல்லை. ஆகவே மூன்றும் சமமாக இருக்கும்போதுதான் உச்சம் வரும் என்று பலர் சொல்லிவிடுவார்கள். அந்த ஊகம் சரிதான். ஆனால் அது நிரூபணம் ஆகாது. ஊகத்திலிருந்து நிரூபணத்துக்குப் போகும் வழியில் தடுக்கி விழ வசதியாகச் சில இடங்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கின் சுவையே அந்த இடங்களில்தான்.

முதல் தடுக்கல் தொடக்கத்திலேயே வரும். எந்தக் கோணத்தின் சைனும் 1 ஐத் தாண்டாது; 90 பாகையில் அது சரியாக 1. அப்படியானால் மூன்றும் சேர்ந்து 3 வரை போகலாமே என்று தோன்றும். வகை நுண்கணிதம் படித்தவர்களும் அவசரத்தில் இதே குழியில் விழுவதுண்டு. மூன்று மாறிகளுக்கும் தனித்தனியே வகைக்கெழு எடுத்து, cos A = 0, cos B = 0, cos C = 0 என்று எழுதி, மூன்றும் 90 பாகை என்று முடித்துவிடுவார்கள். மூன்று செங்கோணங்கள் சேர்ந்தால் 270 பாகை. முக்கோணத்திடம் இருப்பதோ 180 பாகைதான். ஒரு கோணம் கூடினால் மற்றவற்றில் ஏதாவது குறைந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அந்த வழி மறந்துவிடுகிறது.

அதனால் இதை ஒரு பங்கீட்டுக் கணக்காகப் பார்ப்பது நல்லது. 180 பாகையை மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பங்குக்கும் அதன் சைன் அளவுக்குப் பலன் கிடைக்கும். மொத்தப் பலன் அதிகமாக இருக்க எப்படிப் பிரிப்பது? சைன் எப்படி வளர்கிறது என்பதைக் கவனித்தால் விடையின் சாயல் தெரிந்துவிடும். ஒரு கோணத்துக்கு முதல் 30 பாகையைக் கொடுத்தால் 0.5 கிடைக்கிறது. இன்னொரு 30 பாகை சேர்த்தால் கூடுதலாகக் கிடைப்பது 0.366. அதற்கும் மேல் 30 பாகை கொடுத்தால் கிடைப்பது 0.134 தான். 90 ஐத் தாண்டிவிட்டால் கொடுக்கக் கொடுக்கக் குறையவே செய்யும். ஏற்கனவே நிறைய வைத்திருக்கும் கோணத்துக்கு மேலும் ஒரு பாகை தருவதைவிட, குறைவாக வைத்திருக்கும் கோணத்துக்கு அதைத் தருவதில் பலன் அதிகம்.

சில முக்கோணங்களைப் போட்டுப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். 120, 30, 30 பாகை முக்கோணத்தில் கூடுதல் 1.866. பள்ளி வடிவியல் பெட்டியில் இருக்கும் இரண்டு மூலைமட்டங்களில், 90–60–30 மட்டத்துக்கு 2.366 வரும், 90–45–45 மட்டத்துக்கு 2.414 வரும். 80, 50, 50 க்கு 2.517. 70, 60, 50 க்கு 2.572. கோணங்கள் ஒன்றையொன்று நெருங்க நெருங்கக் கூடுதல் ஏறிக்கொண்டே வருகிறது. 60, 60, 60 இல் 2.598.

இந்த எண்கள் எதை அளக்கின்றன? ஒரு வட்டத்தை வரைந்தால் அது விளங்கும். எந்த முக்கோணத்துக்கும் அதன் மூன்று உச்சிகள் வழியாகவும் போகும் ஒரு சுற்றுவட்டம் உண்டு. சைன் விதிப்படி, ஒரு பக்கத்தின் நீளம் அந்த வட்டத்தின் விட்டத்தை எதிர்க்கோணத்தின் சைனால் பெருக்கினால் வரும். வட்டத்தின் விட்டம் 1 என்றால் மூன்று பக்கங்களும் sin A, sin B, sin C தான். ஆக, மூன்று சைன்களின் கூடுதல் என்பது அந்த முக்கோணத்தின் சுற்றளவு. ‘ஒரே வட்டத்துக்குள் வரையக்கூடிய முக்கோணங்களில் எதற்குச் சுற்றளவு அதிகம்?’ என்ற வடிவியல் கேள்விதான் கோணங்களின் மொழியில் இப்படி மாறியிருக்கிறது.

ஒரு பலகையில் 10 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, அதன் மேல் மூன்று ஆணிகளை அடித்து, அவற்றைச் சுற்றி ஒரு நூலை இழுத்துக் கட்டினால் இதைக் கையால் அளந்துவிடலாம். ஆணிகள் 90–45–45 அமைப்பில் இருந்தால் நூல் 24.1 செ.மீ. வரும். சம இடைவெளியில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 8.66 செ.மீ.; நூல் 26 செ.மீ. அளவுக்கு வந்து நிற்கும். வேறெப்படி ஆணிகளை மாற்றி அடித்தாலும் அதற்கு மேல் நூல் தேவைப்படாது. வட்டத்தின் பரிதி 31.4 செ.மீ. என்பதால், மூன்று ஆணிகளை மட்டும் தொட்டு வரும் நூல் 30 செ.மீ. ஆவது எப்படியும் கஷ்டம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

சைன் என்ற அளவே வட்டத்து நாணிலிருந்து பிறந்ததுதான். ஆரியபட்டர் 499 இல் இயற்றிய ஆரியபட்டீயத்தில் 3438 அலகு ஆரமுள்ள வட்டத்துக்கு அரைநாண்கள் தரப்பட்டிருக்கின்றன. மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்று வீதம் 24 வேறுபாடுகளை அவர் அடுக்குகிறார். முதலிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனால் 16 ஆவது இடத்தில், அதாவது 60 பாகையில், 2978 வருகிறது. அதன் மும்மடங்கு 8934. அதை 3438 ஆல் வகுத்தால் 2.5986. இன்றைய கணிப்பான் 2.5981 என்று காட்டும். பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய பட்டியல் நம் உச்ச மதிப்பை மூன்றாம் தசம இடம் வரை ஒட்டி வருகிறது.

இனி நிரூபணம். மூன்று கோணங்களையும் ஒரே நேரத்தில் அசைத்தால் எது எதனால் கூடியது என்று பிடிபடாது. ஒன்றை அசையாமல் வைத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். C நிலையாக இருக்கிறது என்று கொண்டால் A + B என்ற கூடுதலும் நிலையானது. அப்போது கைகொடுப்பது பள்ளிப் பாடத்தில் வரும் ஒரு சூத்திரம்:

sin A + sin B = 2 sin((A + B)/2) cos((A − B)/2)

வலப்பக்கத்தில் முதல் பகுதி A + B ஐ மட்டும் பொறுத்தது, அது மாறாது. மாறுவது கோசைன் பகுதி ஒன்றுதான். A க்கும் B க்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய அந்தக் கோசைன் ஏறும். வித்தியாசம் அற்றுப்போய் A = B ஆகும்போது அது 1 ஆகிறது. அதாவது, இரண்டு கோணங்களின் கூடுதலை மாற்றாமல் அவற்றை ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் கொண்டுவந்தால், சைன்களின் கூடுதல் நிச்சயமாகக் கூடும். இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் மீதி எல்லாமே நிற்கிறது.

சூத்திரம் இல்லாமல் கவராயத்தைக் கொண்டும் இதைப் பார்க்கலாம். வட்டத்தில் AB என்ற நாணை நிலையாக வைத்து, மூன்றாம் உச்சி P ஐ ஒரு பக்கத்து வில்லின் மேல் நகர விடுவோம். P இல் உள்ள கோணம் எங்கே நின்றாலும் ஒரே அளவுதான். இப்போது AP ஐ P க்கு அப்பால் நீட்டி, PQ = PB ஆகும்படி Q ஐக் குறிக்க வேண்டும். AP + PB என்ற கூடுதல் இப்போது AQ என்ற ஒரே கோடாகிவிட்டது. PBQ ஓர் இருசமபக்க முக்கோணம். அதனால் Q இல் உள்ள கோணம் P இல் உள்ள கோணத்தில் சரிபாதி. P நகர்ந்தாலும் Q இல் உள்ள கோணம் மாறாது என்பதால் Q உம் ஒரு வட்டத்தின் மேலேயே நகர்கிறது. அந்தப் புது வட்டத்தின் மையம் வேறெங்கும் இல்லை. முதல் வில்லின் நடுப்புள்ளி M தான். AQ அந்தப் புது வட்டத்தின் நாண். நாண் மிக நீளமாக இருப்பது மையம் வழியாகப் போய் விட்டமாகும்போது. அப்போது P சரியாக M இல் வந்து நிற்கும். AP உம் PB உம் சமமாகும். வரைந்து பார்ப்பவருக்கு மனதை விட்டு நீங்காத படம் இது.

ஆக, இரண்டு கோணங்கள் சமமாக இல்லாத எந்த முக்கோணத்தையும் மேம்படுத்த முடியும். பல விடைத்தாள்கள் இந்த இடத்தில் நின்றுவிடும்: “சமபக்கம் அல்லாத முக்கோணத்தை எல்லாம் மேம்படுத்தலாம், ஆகவே சமபக்க முக்கோணமே உச்சம்.” கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஓட்டை உண்டு. உச்சம் என்று ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டுவிட்டது இந்த வாதம்.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட ஜெர்மன் கணிதவியலாளர் ஆஸ்கர் பெரோனின் பெயரால் வழங்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. முழு எண்களில் மிகப் பெரியது எது? 1 ஐத் தவிர எந்த நேர் முழு எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் அதைவிடப் பெரிது; ஆகவே அந்த எண் மிகப் பெரியதாக இருக்க முடியாது. மேம்படுத்த முடியாமல் மிஞ்சுவது 1 மட்டும்தான். எனவே மிகப் பெரிய முழு எண் 1! வாதத்தின் அச்சு அப்படியே முக்கோண வாதத்தின் அச்சுதான். மிகப் பெரிய முழு எண் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதால்தான் இது அபத்தத்தில் முடிகிறது. 19 ஆம் நூற்றாண்டில் யாக்கோப் ஸ்டைனர் போன்ற பெரிய வடிவியல் அறிஞரே, ஒரே சுற்றளவுள்ள உருவங்களில் வட்டத்துக்கே பரப்பு அதிகம் என்று காட்டும்போது இதே இடைவெளியை விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் அதை அடைத்தார்கள்.

முக்கோணக் கணக்கில் அந்த இடைவெளியை எப்படி அடைப்பது? 100, 50, 30 பாகை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு நடந்து பார்க்கலாம். அதன் கூடுதல் 2.251. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் சமமாக்கினால் 65, 65, 50, கூடுதல் 2.579 ஆகிறது. அடுத்து 65 ஐயும் 50 ஐயும் சமமாக்கினால் 57.5, 57.5, 65; கூடுதல் 2.593. அதற்கடுத்து 61.25, 61.25, 57.5, கூடுதல் 2.5968. இன்னொரு முறை செய்தால் 2.5978. ஒவ்வொரு படியிலும் கூடுதல் ஏறுகிறது. ஆனால் 60, 60, 60 ஐ ஒருபோதும் தொடுவதில்லை. இரண்டு சமமான கோணங்களுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் 15, 7.5, 3.75, 1.875 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. எல்லை மதிப்பு என்ற கருத்து தெரிந்தவர்கள் இதையே நிரூபணமாக முடிக்கலாம்: கோணங்கள் 60 ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்குகின்றன, கூடுதல் ஏறிக்கொண்டே 2.598 ஐ நெருங்குகிறது, எனவே தொடக்க மதிப்பு அதைத் தாண்டியிருக்க முடியாது.

முடிவில்லாமல் நடப்பது பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. சமமாக்குவதை விட்டுவிட்டு, ஒரு கோணத்தைச் சரியாக 60 க்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மூன்று கோணங்களின் சராசரி 60 என்பதால், மூன்றும் 60 ஆக இல்லாத முக்கோணத்தில் 60 ஐவிடப் பெரிய கோணம் ஒன்றும் சிறிய கோணம் ஒன்றும் கட்டாயம் இருக்கும். அந்த இரண்டையும் ஒன்றை நோக்கி மற்றொன்றாக நகர்த்திக்கொண்டே வந்து, எது முதலில் 60 ஐத் தொடுகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். அவற்றின் வித்தியாசம் குறைந்திருக்கிறது. ஆகவே சைன்களின் கூடுதல் கூடியிருக்கிறது. நம் முக்கோணத்தில் 100 உம் 30 உம் 70, 60 ஆகின்றன. இப்போது கையில் இருப்பது 70, 60, 50, கூடுதல் 2.251 இலிருந்து 2.572 க்கு ஏறிவிட்டது. 60 க்கு வந்துவிட்ட கோணத்தை இனித் தொட வேண்டாம். மீதி இரண்டின் கூடுதல் 120. அவற்றைச் சமமாக்கினால் இரண்டும் 60, கூடுதல் 2.598.

எந்த முக்கோணத்தில் தொடங்கினாலும் அதிகபட்சம் இரண்டே படிகளில் சமபக்க முக்கோணத்துக்கு வந்துவிடுகிறோம். ஒவ்வொரு படியிலும் கூடுதல் ஏறியிருக்கிறது. ஆகவே தொடங்கிய முக்கோணத்தின் கூடுதல் 3√3/2 ஐவிடக் குறைவு. உச்சம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இங்கே எழவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு முக்கோணமும் நேரடியாகச் சமபக்க முக்கோணத்தோடு ஒப்பிடப்படுகிறது. நிரூபணம் இங்கே முழுமையாகிறது.

இதே முடிவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மூன்று என்ற எண்தான் தொல்லை. இரண்டு இரண்டாக ஜோடி சேர்க்க வராது. நான்கு இருந்தால் எளிதாக இருக்கும். சரி, நான்காவதாக ஒரு 60 பாகைக் கோணத்தை நாமே சேர்த்துக்கொண்டால் என்ன? A ஐயும் B ஐயும் ஒரு ஜோடியாக்கி, C ஐயும் 60 ஐயும் இன்னொரு ஜோடியாக்கினால், ஒவ்வொரு ஜோடிக்கும் முன் சொன்ன விதி பொருந்தும். இரண்டு ஜோடிகளின் சராசரிகளையும் மறுபடி ஜோடி சேர்த்தால், மொத்தம் 240 பாகையின் கால் பங்கான 60 வந்துவிடும்:

sin A + sin B + sin C + sin 60° ≤ 2 sin((A + B)/2) + 2 sin((C + 60°)/2) ≤ 4 sin 60°

இரண்டு பக்கமும் சேர்த்த sin 60° ஐக் கழித்துவிட்டால் sin A + sin B + sin C ≤ 3 sin 60° என்று மீதி நிற்கிறது. 100, 50, 30 ஐ இதிலும் போட்டுப் பார்க்கலாம்: 100 உம் 50 உம் 75, 75 ஆகும், 30 உம் சேர்த்த 60 உம் 45, 45 ஆகும், கடைசியில் 75 உம் 45 உம் 60 இல் சந்திக்கும். நான்கு சைன்களின் கூடுதல் 3.117 இலிருந்து 3.346 க்கும், பிறகு 3.464 க்கும் ஏறுகிறது. வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும் இந்தத் தந்திரம் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷியுடையது. 1821 இல் வந்த பாடநூலில் அவர் கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி பற்றிய விதியை முதலில் 2, 4, 8 எண்களுக்கு நிறுவி, நடுவில் விடுபட்ட எண்ணிக்கைகளுக்குச் சராசரியையே சேர்த்து இட்டு நிரப்பினார்.

1906 இல் யோகான் யென்சன் இதைப் பொதுமைப்படுத்தினார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே கணிதம் செய்தவர் அவர். ஒரு வளைவின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் அந்தக் கோடு வளைவுக்குக் கீழேயே இருக்குமானால், மதிப்புகளின் சராசரி, சராசரியின் மதிப்பைத் தாண்டாது என்பது அவருடைய விதியின் சாரம். 0 முதல் 180 பாகை வரை சைன் வளைவு ஒரு குன்று போல முழுவதும் இப்படித்தான் வளைந்திருக்கிறது. அதனால் அவருடைய விதியைச் சொன்னால் நம் கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். கல்லூரிப் பாடநூல்கள் பெரும்பாலும் அந்த ஒரு வரியையே தருகின்றன.

சரியான விடைக்குத் தவறான வழியில் போய்ச் சேரும் ஆபத்தும் இந்தக் கணக்கில் உண்டு. கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்ற விதியைப் படித்தவர்கள் இதில் அடிக்கடி சிக்குவார்கள். மூன்று சைன்களின் பெருக்கல் 3√3/8 ஐத் தாண்டாது என்பது உண்மை. அதன் கனமூலத்தை மூன்றால் பெருக்கினால் 3√3/2 வரும். விடை அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அந்த விதி சொல்வது, கூடுதல் பெருக்குச் சராசரியின் மும்மடங்குக்குக் குறையாது என்பதைத்தான். கூடுதலுக்கு அது தருவது கீழ் எல்லை. நமக்கு வேண்டியதோ மேல் எல்லை. ஒரு பையில் இருக்கும் பணம் இன்னொரு பையில் இருப்பதைவிடக் குறையாது, இரண்டாவது பையில் 100 ரூபாய்க்கு மேல் இல்லை என்று சொன்னால், முதல் பையில் எவ்வளவுக்கு மேல் இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா? விடை பொருந்துகிறதே என்று மதிப்பெண் போட்டுவிடாமல், சமனிலியின் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்பவருக்கே இந்தத் தவறு தெரியும்.

உச்சம் இருக்கிறது, அடிமட்டம்? அப்படி ஒன்றைத் தொட முடியாது. ஒரு கோணம் 180 ஐ நெருங்கி மற்ற இரண்டும் சுருங்கிக்கொண்டே போனால் கூடுதல் 0 ஐ நெருங்கும். ஆனால் 0 ஆகும்போது முக்கோணம் தட்டையாகிக் கோடாகிவிடும். நடுவில் இரண்டு மைல்கற்கள் மட்டும் கவனிக்கத்தக்கவை. 0 இலிருந்து 90 பாகை வரை சைன் வளைவு, அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு மேலேயே இருக்கிறது. அதாவது அந்த இடைவெளியில் sin x எப்போதும் x/90 ஐவிடப் பெரிது. மூன்று கோணங்களும் 90 க்குக் குறைவான குறுங்கோண முக்கோணத்தில் இதைக் கூட்டினால், சைன்களின் கூடுதல் 180/90, அதாவது 2 ஐத் தாண்டியே இருக்கும். மறுபக்கம், C என்ற கோணம் 90 அல்லது அதற்கு மேல் என்றால், முதல் இரண்டு சைன்களின் கூடுதல் 2 cos(C/2) ஐத் தாண்டாது. C ஏற ஏற 2 cos(C/2) உம் sin C உம் இறங்குகின்றன; ஆகவே மொத்தம் C = 90 இல் வரும் 1 + √2 ஐத் தாண்டாது. அது 90–45–45 மூலைமட்டத்தின் 2.414 தான். எனவே கூடுதல் 2.414 க்கு மேல் இருந்தால், கோணங்களைப் பார்க்காமலேயே குறுங்கோண முக்கோணம் என்று சொல்லிவிடலாம். 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் விரிகோணம் உண்டு. இரண்டுக்கும் நடுவே எதுவும் சொல்ல முடியாது: 80, 80, 20 க்கு 2.312, 100, 40, 40 க்கு 2.270. அருகருகே இருக்கும் மதிப்புகள், வேறு வேறு வகை முக்கோணங்கள்.

சைனை விட்டுக் கோசைனுக்குப் போனால், மேலே கண்ட வழிகளில் எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடுகிறது. முக்கோணத்தில் cos A + cos B + cos C இன் உச்சம் 1.5, அதுவும் சமபக்க முக்கோணத்தில்தான். யென்சன் விதியை அப்படியே எடுத்து வைத்தால் இங்கே செல்லாது. கோசைன் வளைவு 90 பாகை வரை குன்று போல வளைந்து, அதன் பிறகு பள்ளம் போல வளைகிறது. விரிகோண முக்கோணத்தில் ஒரு புள்ளி பள்ளப் பகுதியில் விழுந்துவிடும். நான்காவது கோணம் சேர்க்கும் தந்திரமும் C, 120 ஐத் தாண்டினால் முறிகிறது. C = 150 என்றால் cos 150° + cos 60° = −0.366. அவற்றின் சராசரியான 105 பாகையின் கோசைனை இரட்டித்தால் −0.518. சராசரிக்குப் போனதில் கூடுதல் ஏறுவதற்குப் பதிலாக இறங்கிவிட்டது.

இரண்டு படி வழி மட்டும் அசையாமல் நிற்கிறது. அதற்குத் தேவைப்படுவது cos A + cos B = 2 cos((A + B)/2) cos((A − B)/2) என்ற சூத்திரத்தில் முதல் பகுதி நேர் எண்ணாக இருப்பது மட்டுமே. A உம் B உம் ஒரே முக்கோணத்தின் கோணங்கள் என்பதால் அவற்றின் கூடுதல் 180 க்குள்தான். அதன் பாதி 90 க்குள். கோசைன் நேர் எண். வித்தியாசம் குறைந்தால் கூடுதல் ஏறும் என்ற விதி இங்கும் அப்படியே பொருந்துகிறது. 100, 50, 30 க்குக் கோசைன்களின் கூடுதல் 1.335. ஒரு படி நகர்த்தி 70, 60, 50 ஆக்கினால் 1.485. இன்னொரு படியில் 60, 60, 60 க்கு வந்தால் 1.5.